பிள்ளைக்குக் காதுக்குத்து: அன்றே மருந்தா, திரும்பிப் போவதா, மருந்தை வாங்கி வைத்துப் பார்ப்பதா?

நடுக்காதில் தொற்று என்று டொக்டர் சொன்ன பிறகு மூன்று வழிகள் இருக்கின்றன. அன்றைக்கே அன்ரிபயோரிக் தொடங்கலாம். மருந்து இல்லாமல் வீட்டுக்குப் போய், குறையாவிட்டால் திரும்பி வரலாம். அல்லது மருந்துத் துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு, இரண்டு மூன்று நாள் பார்த்த பிறகு தேவையென்றால் மட்டும் தொடங்கலாம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பின்னிரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நெடுங்கேணிக்கு உள்ளேயோ முத்தையன்கட்டுப் பக்கமோ இருக்கிற குடும்பத்துக்கு அப்படியில்லை.

ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். வயது மூன்று, நிறை 12 கிலோ. தடிமன் பிடித்து நாலாம் நாள், வெள்ளிக்கிழமை இரவு, வலது காது குத்தத் தொடங்குகிறது. சனி காலையில் காய்ச்சல் 101. டொக்டர் பார்க்கும்போது வலது செவிப்பறை சிவந்து வெளியே பிதுங்கி இருக்கிறது. சீழ் இல்லை, இடது காது சுகம். பிள்ளை சோர்ந்திருந்தாலும் தண்ணீர் குடிக்கிறது, கூப்பிட்டால் பார்க்கிறது.

அன்றே மருந்து தொடங்கினால் என்ன கிடைக்கும்? முதல் நாள் வலியில் ஒன்றும் கிடைக்காது. ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், அன்ரிபயோரிக் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் 24 மணி நேரத்தில் பத்துப் பிள்ளைகளில் ஆறு பேருக்கு வலி போய்விடுகிறது. அதற்குப் பிறகான நாட்களில்தான் வித்தியாசம் தெரிகிறது, அதுவும் சிறியது. சுமார் இருபது பிள்ளைகளுக்குக் கொடுத்தால் ஒருவருக்கு அந்த வலி இல்லாமல் போகும். பதினாலு பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு அந்த மருந்தாலேயே வயிற்றோட்டம், வாந்தி, அல்லது தோலில் தடிப்பு வரும். இந்த மூன்று வயதுப் பிள்ளைக்கு இது நல்ல பேரம் இல்லை என்பதே என் எண்ணம்.

எந்த வழியில் போனாலும் சனிக்கிழமை இரவைக் கடக்க வைப்பது பரசிற்றமோல்தான். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் இந்தப் பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 180 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது 7.5 மில்லிலீற்றர். இதைவிடக் கடுமையான சிரப்பும் உண்டு, அதனால் போத்தலை வாசித்துவிட்டு அளக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். இபுபுரூபன் வலிக்கு நல்ல மருந்துதான், ஆனால் டெங்கு திரிகிற எங்கள் இடத்தில் காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று தெளிவாகும் வரை அதைத் தொடக்கூடாது. உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெயையும் காதுக்குள் விடவேண்டாம். செவிப்பறை ஓட்டையாகி இருந்தால் அது நேரே உள்ளே போகும்.

மருந்தில்லாமல் போய்த் திரும்பி வருகிற வழி டொக்டருக்கு நல்லது. செவிப்பறையை இரண்டாம் முறை பார்க்கலாம், சந்தேகமான காதை அவசரமின்றித் தீர்மானிக்கலாம். ஆனால் திரும்பி வருவது என்றால் இங்கே ஒரு நாள் கூலி, பஸ், மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஓர் ஆள். மழைக்காலத்தில் பாதை வேறு. இது சுலபமாக முடியாத வீட்டில், குறையாவிட்டாலும் “இன்னொரு நாள் பார்ப்போம்” என்று இழுபடும். ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு மட்டும் நான் இதைச் சொல்வேன்.

மருந்துத் துண்டோடு காத்திருக்கிற வழி அந்தப் பயணத்தை மிச்சப்படுத்துகிறது. அமெரிக்காவில் 2006இல் வெளியான ஓர் ஆய்வில், தேவைப்பட்டால் மட்டும் வாங்குங்கள் என்று துண்டு கொடுக்கப்பட்ட பெற்றோரில் 62 சதவீதமானோர் மருந்தை வாங்கவே இல்லை. ஆனால் அந்தப் பெற்றோருக்குப் பார்மசி பக்கத்தில் இருந்தது. இங்கே செவ்வாய்க்கிழமை துண்டைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போக வேண்டியிருந்தால், இரண்டாம் வழியின் சிக்கலே திரும்ப வரும். அதனால் டொக்டர் சம்மதித்தால் மருந்தையே வாங்கி, பிரிக்காமல் வைத்திருப்பது நல்லது. அமொக்சிசிலின் என்ற அன்ரிபயோரிக்கின் சிரப் தூளாகத்தான் வரும், கொதித்தாறிய தண்ணீர் விட்டுக் கலக்க வேண்டும். கலந்தால் அதன் ஆயுள் போத்தலில் எழுதியிருக்கிற சில நாட்கள்தான். எனவே தொடங்குகிற நாள்வரை தூளாகவே இருக்கட்டும். அண்ணனுக்கு வாங்கி மிஞ்சிய போத்தல் இதற்கு உதவாது. அளவு இந்தப் பிள்ளையின் நிறைக்குக் கணக்குப் பார்த்து எழுதியதாக இருக்க வேண்டும்.

துண்டில் ஒரு நாளும் நேரமும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். “குறையாவிட்டால்” என்று மட்டும் இருந்தால் அம்மா ஒரு நாளும் அம்மம்மா இன்னொரு நாளும் சொல்வார்கள். நம் பிள்ளைக்கு 72 மணி நேரம் செவ்வாய் காலையில் முடிகிறது. அப்போது பரசிற்றமோலின் வேகம் இறங்கிய பிறகு, அடுத்த தடவை கொடுக்குமுன் பாருங்கள். மருந்து வேலை செய்கிற நேரத்தில் பார்த்தால் எல்லாப் பிள்ளையும் சுகமாகத்தான் தெரியும். காய்ச்சலும் வலியும் குறைந்து வந்தால் போத்தலைத் திறக்க வேண்டாம். அப்படியே இருந்தால் கலந்து தொடங்கி, எழுதிய நாள் முழுவதும் கொடுக்க வேண்டும். அதற்கு முன்பே கூடினால், செவ்வாய் வரை பார்த்திருக்கத் தேவையில்லை. தொடங்கி இரண்டு மூன்று நாளிலும் குறைவு தெரியாவிட்டால் திரும்பக் காட்ட வேண்டும்.

காத்திருக்கும் வழி எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, இரண்டு வயதுக்குள் இரண்டு காதிலும் தொற்று வந்த பிள்ளை, காய்ச்சல் 39 பாகைக்கு, அதாவது 102க்கு மேல் போனது, வலி கடுமையாக இருப்பது, காதால் சீழ் வருவது: இவர்களுக்கு முதல் நாளிலேயே மருந்து என்பதுதான் வழக்கமான ஆலோசனை. அண்ணப்பிளவு உள்ள, அல்லது நோயெதிர்ப்புக் குறைந்த பிள்ளைகளும் அப்படியே. சீழ் விஷயத்தில் பலர் ஏமாறுவதுண்டு. இரவெல்லாம் அழுத பிள்ளை திடீரென்று அழுகையை நிறுத்தித் தூங்கும், காலையில் தலையணை நனைந்திருக்கும். செவிப்பறை வெடித்து அழுத்தம் இறங்கியதால் வலி போயிருக்கிறது, தொற்று போகவில்லை. பெரும்பாலும் பறை தானாக மூடிக்கொள்ளும். ஆனாலும் அன்றைக்கே காட்டுங்கள், காதுக்குள் தண்ணீர் போகாமல் பாருங்கள், குளத்தில் குளிக்க விடவேண்டாம்.

இன்னொரு வகை அடையாளம் உண்டு. அங்கே போத்தலைத் திறப்பதுதான் பிழையான முடிவு. காதுக்குப் பின்னால் உள்ள எலும்பின்மேல் சிவந்து வீங்கி, தொட்டால் நொந்து, காது மடல் மற்றதைவிட முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்றால், தொற்று எலும்புக்குள் போயிருக்கலாம். இதைப் பிடிக்கச் சுலபமான வழி, பிள்ளையின் பின்னால் நின்று இரண்டு காதையும் ஒன்றாகப் பார்ப்பது. முடி மறைத்தால் ஒதுக்கிப் பார்க்க வேண்டும். அழும்போது வாய் ஒரு பக்கம் இழுபட்டு, மற்றப் பக்கத்துக் கண் மூடாமல் இருந்தால் முக நரம்பு தொடப்பட்டிருக்கிறது. கழுத்து விறைத்தல், விடாத தலையிடியும் வாந்தியும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, தள்ளாடி நடத்தல், எழுப்பினாலும் மயங்கிக் கிடத்தல், வலிப்பு என்பவையும் இந்த வகையைச் சேர்ந்தவைதான். அன்ரிபயோரிக் குடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் இவை வரலாம், “மருந்து தொடங்கியாச்சுத்தானே” என்று இருக்கக்கூடாது.

இவை வந்தால் கிராமத்து டிஸ்பென்சரியில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது ஆஸ்பத்திரிகளில் எது கிட்டவோ அங்கே நேரே போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள், காசு இல்லை. அழைக்கும்போது “காதுக்குத்து” என்று மட்டும் சொல்லாமல், காதுக்குப் பின்னால் வீக்கம், அல்லது பிள்ளை எழும்புகுதில்லை என்று கண்டதைச் சொல்லுங்கள். கடைசியாகக் கொடுத்த பரசிற்றமோல் எத்தனை மணிக்கு, அமொக்சிசிலின் தொடங்கினதா இல்லையா என்பதைத் துண்டின் பின்பக்கத்தில் எழுதி, அந்தத் துண்டையும் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.