கர்ப்பத்தில் ஆஸ்துமா: இன்ஹேலரை நிறுத்துவதா, தொடர்வதா?

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஒரு பெண், காலையும் இரவும் 200 மைக்ரோகிராம் புடசோனைடு இன்ஹேலரை இழுத்து, வீசிங் இல்லாமல் இருந்துவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கர்ப்பம் உறுதியானதும் மாமியார் அக்கறையோடு, "ஸ்டீராய்டு வயித்துப் பிள்ளைக்கு ஆகாதும்மா, நிறுத்திரு" என்கிறார். இனி அவர் முன்னே இரண்டு வழிகள் இருக்கின்றன.

நிறுத்தினால் முதல் சில நாட்களில் ஒன்றும் தெரியாது. மூச்சுக்குழாயின் அழற்சி மெல்லத்தான் திரும்பும் என்பதால், நிறுத்தியது சரிதான் என்றே தோன்றும். பிறகு இரவில் இருமல் எழுப்பும், இழுப்பை உடனே தணிக்கும் சால்பூட்டமால் இன்ஹேலர் அடிக்கடி தேவைப்படும்; கார்த்திகை மழையில் சளி பிடித்து, புகையிலைத் தூசியும் சேர்ந்தால், ஆறாம் மாதத்தில் கடும் இழுப்பு வரலாம். கர்ப்பிணி இயல்பாகவே ஆழமாக மூச்சுவிடுவதால், அவருடைய இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 28 முதல் 32 மில்லிமீட்டர் பாதரசம் வரைதான் இருக்கும். மற்றவர்களுக்கு இயல்பான 40 என்ற அளவு இழுப்பின்போது இவரிடம் தெரிந்தால், மூச்சுத் தசைகள் களைத்து ஓய்கின்றன என்று பொருள். கருவுக்கு ஆக்சிஜன் தாயின் இரத்தத்திலிருந்தே வருவதால், தாயின் ஆக்சிஜன் அளவை 95 சதவீதத்துக்குக் குறையாமல் காக்க மருத்துவர்கள் விரைவார்கள்; அதற்காகவே பிரட்னிசோலோன் மாத்திரையை நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் போலச் சில நாட்கள் தர நேரும். ஸ்டீராய்டுக்கு அஞ்சி நிறுத்தியவர், உடல் முழுதும் பரவி இரத்தச் சர்க்கரையையும் ஏற்றக்கூடிய ஸ்டீராய்டை விழுங்க வேண்டியதாகிறது. அந்த நிலையில் அதையும் மறுக்கக் கூடாது. நஞ்சுக்கொடி அதன் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்துவிடும், ஆனால் ஆக்சிஜன் குறைவை ஈடுசெய்ய எதனாலும் முடியாது.

தொடர்ந்தால், மருந்து நேரே நுரையீரலுக்குப் போகிறது. தொண்டை வழியாக விழுங்கப்படுவதில் பெரும்பகுதியைக் கல்லீரல் அழித்துவிடுகிறது. சுவீடனின் பிறப்புப் பதிவேட்டில், கர்ப்பத்தின் தொடக்கத்தில் புடசோனைடு இழுத்த தாய்மாரின் குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடு கூடவில்லை. கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமாவோ, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, தாய்க்கு இரத்த அழுத்த நோய் ஆகியவற்றோடு தொடர்புடையது. ஆகவே தொடர்வதே குழந்தைக்குப் பாதுகாப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனாலும் தொடர்வது மட்டும் போதாது. கர்ப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஆஸ்துமா மோசமாகிறது. வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் சால்பூட்டமால் வேண்டியிருந்தாலோ, இரவில் மூச்சிரைத்து விழித்தாலோ, அடுத்த செக்கப் வரை காத்திராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இழுக்கும் முறை தவறா, அளவு போதவில்லையா என்று அவர் ஆராய்வார். முடிந்தவரை புகையிலைத் தூசியிலிருந்து விலகியிருப்பது நல்லது. பிரசவ அறையிலும் ஆஸ்துமா இருப்பதை மறவாமல் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கை நிறுத்தப் போடும் கார்போபுரோஸ்ட் ஊசி மூச்சுக்குழாயைச் சுருக்கும் என்பதால், மருத்துவர் அதைத் தவிர்த்து ஆக்சிடோசின் போன்ற வேறு மருந்தைத் தேர்ந்துகொள்வார்.