பழுதே இல்லாத கிராபிக்ஸ் கார்டைத் திருத்த 18,500 ரூபா கொடுத்தேன்

நேற்று மாலை அந்தக் கடைக்காரர் என் தொலைபேசி அழைப்பை மூன்றாவது முறையாகத் துண்டித்த பிறகே இதை எழுத உட்கார்ந்தேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் வரும் நகரத்தில், கைத்தொலைபேசி உறைகளும் கணினித் திருத்த வேலையும் ஒன்றாக நடக்கும் சிறிய கடை என்று மட்டும் சொல்கிறேன். அங்கே நான் இழந்தது 18,500 ரூபா. அதற்கு ஈடாகக் கிடைத்திருக்க வேண்டிய மருந்து, இருபது நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருப்பது மட்டுமே.

ஒரு சனிக்கிழமை இரவு, கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பித்துவிட்டு, பல மாதங்களாகச் சிக்கலின்றி ஓடிய விளையாட்டைத் திறந்தேன். ஷேடர்களைத் தயார் செய்கிறேன் என்று ஒரு சதவீதக் கோடு தோன்றி, 60ஐத் தாண்டியதும் விளையாட்டு தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்தபோது, பொறுமையில்லாமல் அந்தக் கட்டத்தைப் பாதியிலேயே தவிர்த்துவிட்டு உள்ளே போனேன். ஒவ்வொரு திருப்பத்திலும் படம் அரை வினாடி உறைந்து உறைந்து நகர்ந்தது. கார்டு போய்விட்டது என்று நானே முடிவு கட்டியதுதான் முதல் பிழை.

கடையில் இருந்தவர் திரையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "சிப் விட்டிருக்கு சேர், ரீபோலிங் பண்ணணும்" என்றார். முதல் நாள் டிரைவர் மாற்றியதை நானாகவே சொன்னேன். அதைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சிப்பைக் கழற்றி, அதன் அடியிலுள்ள ஈயக் குண்டுகளை மாற்றிப் பொருத்தும் அந்த ரீபோலிங்குக்கு 15,000, விண்டோஸ் புதிதாகப் போட 3,500, ஆக 18,500 ரூபா. நான்கு நாள் கழித்துப் போனபோது, உறைந்து நின்ற அதே பாலத்தின் மீது கடைப் பையன் குதிரையை இரண்டு முறை ஓட்டிக் காட்டினான். ஒரு துளி தடங்கலும் இல்லை. கண்ணால் பார்த்ததை நம்பாமல் என்ன செய்வது? பணத்தை எண்ணிக் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் மறுபடியும் அதே உறைதல், அதே பாலம். அழைத்தேன். முதலில், திருத்துபவர் கண்டிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அடுத்த முறை, "உங்க தோட்டத்துல கரண்ட் சரியில்ல சேர், அதுதான் கார்டைத் தாக்குது" என்றார்கள். எங்கள் பக்கம் மின்சாரம் ஏறி இறங்குவது உண்மைதான். ஆனால் ஒரே ஒரு விளையாட்டை மட்டும் தேடிப் பிடித்துத் தாக்கும் மின்சாரத்தை நான் இதுவரை கண்டதில்லை. பிறகு, மதர்போர்டையும் பார்க்க வேண்டும், இன்னும் 9,000 ஆகும், போயா முடிந்த பிறகு கொண்டுவாருங்கள் என்றார்கள்.

அந்த வார இறுதியில் வீட்டுக்கு வந்த அக்காவின் மகன்தான் விடயத்தை விளக்கினான். திரையில் தெரியும் நீர், புல், நிழல் ஒவ்வொன்றையும் வரைவதற்கு ஷேடர் எனப்படும் சிறு நிரல்கள் இருக்கின்றன. விளையாட்டை உருவாக்கியவர்கள் அவற்றை எந்தக் கார்டுக்கும் பொதுவான இடைநிலை வடிவத்திலேயே அனுப்புகிறார்கள். நம்முடைய கார்டுக்குரிய இயந்திர மொழிக்கு அவற்றை மாற்றுவது டிரைவரின் வேலை. ஒருமுறை மாற்றியதை அது வட்டில் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அப்படியே எடுத்துக்கொள்ளும். அந்தச் சேமிப்பைக் கேஷ் என்பார்கள். என் கையை விட்டுப் போனது வேறு கேஷ். டிரைவர் மாறினால், பழைய டிரைவர் மாற்றி வைத்தது பொதுவாகச் செல்லாததாகிவிடும்; எல்லாம் முதலிலிருந்து நடக்க வேண்டும். முன்கூட்டியே தயார் செய்யும் விளையாட்டுகளில் அது சதவீதக் கோடாகத் தெரிகிறது. அதைத் தவிர்த்தாலோ, அப்படி ஒரு கட்டமே இல்லாவிட்டாலோ, ஒவ்வொரு பொருளும் முதன்முதலாகக் கண்ணில் படும் கணத்தில் அந்த வேலை நடந்து படம் உறைகிறது.

கடையில் ஏன் வழுக்கிக்கொண்டு ஓடியது என்பது அப்போதுதான் புரிந்தது. நான்கு நாளும் பையன்கள் அதை விளையாடியிருக்கிறார்கள், சேமிப்பு நிரம்பிவிட்டது. வீட்டில் மறுபடி உறைந்ததற்குக் காரணம், விண்டோஸ் அப்டேட் இரவோடு இரவாக டிரைவரை மாற்றியிருந்தது. டிவைஸ் மனேஜரில் டிரைவரின் பதிப்பு எண், கடை ரசீதின் பின்புறம் எழுதிக் கொடுத்திருந்த எண்ணிலிருந்து வேறுபட்டிருந்தது.

"மாமா, பேசாம விடுங்க, முடியட்டும்" என்று சொல்லி அவன் விளையாட்டைத் திறந்து வைத்தான். டாஸ்க் மனேஜரில் புரொசசரின் பன்னிரண்டு கட்டங்களும் உச்சியில் நின்றன. கிராபிக்ஸ் கார்டோ ஏறத்தாழ சும்மா இருந்தது. உழைப்பது புரொசசர், கார்டு அல்ல என்பதற்கு அதுவே சாட்சி. 22 நிமிடத்தில் கோடு நிறைந்தது. பாலத்தின் மீது போனோம், ஒன்றும் உறையவில்லை.

முதல் நாள் மூடிக்கொண்டதற்கும் விடை கிடைத்தது. கடையில் விண்டோஸைப் புதிதாகப் போட்டவர்கள் வட்டிலிருந்த பழைய விண்டோஸ் கோப்புறையை அழிக்காமல் விட்டிருந்ததால், பழைய நிகழ்வுப் பதிவை ஈவென்ட் வியூவரில் திறக்க முடிந்தது. அந்தச் சனிக்கிழமை இரவு `Resource-Exhaustion-Detector` என்ற பெயரில் 2004 என்ற எண்ணுடன் ஒரு பதிவு இருந்தது. நினைவகம் தீர்ந்துவிட்டது என்பதே அதன் பொருள். என்னிடம் இருப்பது 8 ஜிபி ரேம்; ரேம் போதாதபோது விண்டோஸ் வட்டில் பயன்படுத்தும் பேஜிங் கோப்பை, இடத்தை மிச்சப்படுத்துவதற்காக நானே 1 ஜிபியாகக் குறைத்து வைத்திருந்தேன். பன்னிரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஷேடர்களை மாற்றும்போது அது போதவில்லை. அந்தக் கோப்பின் அளவை விண்டோஸிடமே விட்டுவிடுவதற்கு ஒரு சதமும் ஆகாது. கார்டு உண்மையாகவே முடங்கி டிரைவர் மீண்டிருந்தால் `Display` என்ற பெயரில் 4101 என்ற பதிவு இருந்திருக்கும். அப்படி ஒன்றும் இல்லை.

பிறகு அவன் கார்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். ரீபோலிங் செய்வதற்கு வெப்பத் தகட்டைக் கழற்றியே ஆக வேண்டும். அந்தத் தகட்டைப் பிடிக்கும் நான்கு திருகாணிகளில் ஒன்றின் மேல், நான் வாங்கிய நாளில் ஒட்டியிருந்த சின்ன வட்ட ஸ்டிக்கர் கிழியாமல், ஓரத்தில் தூசி படிந்து, அப்படியே இருந்தது. இதற்குத்தான் 15,000 ரூபா. மொத்தம் 18,500 ரூபா. ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பியபோது பார்த்ததற்கான நீல அடையாளம் வந்தது, பதில் வரவில்லை.

விரிவாக அறிவுரை எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். எழுதும் நிலையில் இல்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். டிரைவர் மாற்றிய பிறகு சதவீதக் கோடு வந்தால் அது முடியும்வரை தொடாதீர்கள். உறைந்த அதே இடத்துக்கு இரண்டாம் முறை போய்ப் பாருங்கள். இம்முறை உறையாவிட்டால் காத்திருப்பது போதும், ஒவ்வொரு முறையும் உறைந்தால் கோளாறு வேறு. மூடிக்கொண்டு, மறுமுறை கோடு முன்னைவிட அதிகத் தூரம் போனால் இன்னொரு முறை திறவுங்கள். பிற மென்பொருள்களும் சேர்ந்து விழுந்தால் அல்லது 4101 இருந்தால் காத்திருந்து பயனில்லை. டிஸ்க் கிளீனப்பில் `DirectX Shader Cache` என்பதற்கு எதிரே சரி போடாதீர்கள். போட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கார்டைக் கடையில் கொடுக்கும் முன் திருகாணிகளைப் படம் எடுத்து வையுங்கள்.

போயா நாளை மறுநாள். அது முடிந்ததும் ஸ்டிக்கரோடு கார்டை எடுத்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் போகிறேன்.