800-ஆ 2600-ஆ? மலைச்சரிவு வீட்டுக்கு எந்த பேண்ட்

ரெயூனியன் தீவில், சேந்த் ஆந்த்ரேயிலிருந்து சலாசிக்கு ஏறும் வழியில் வீடு. எங்கள் வளைவுக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை, 4ஜி ரூட்டர்தான் கதி. எந்த பேண்டில், அதாவது எந்த அலைவரிசையில், நிற்க வேண்டும் என்று அதில் பூட்டி வைக்கலாம். திரையில் B20 என்று வருவது 800 மெகாஹெர்ட்ஸ், B7 என்று வருவது 2600. இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு 800-லேயே பூட்டிவிட்டேன்.

வேகத்தில் 2600-க்குத்தான் வெற்றி, அதில் சண்டை போட ஒன்றுமில்லை. 800 பேண்டில் கோபுரத்திலிருந்து நமக்கு வரும் இறங்குதிசைக்கு இருப்பதே மொத்தம் 30 மெகாஹெர்ட்ஸ். அதை எல்லா கம்பெனிகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். 2600-ல் 70 இருக்கிறது. செல்போன் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற கடலோர வீடு என்றால் மேற்கொண்டு படிக்காமல் B7-ஐப் பூட்டிவிடுங்கள்.

எங்கள் நிலைமை வேறு. கோபுரம் கீழே, சுமார் 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வீட்டிலிருந்து 1 கிலோமீட்டரில் ஒரு மலைமுதுகு குறுக்கே வருகிறது. நேர்கோட்டுக்கு மேல் 20 மீட்டர் எழும்பி நிற்கிறது என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். வாசலில் லிச்சி, மா, மூங்கில் என்று 30 மீட்டருக்கு இலைக்கூட்டம்.

உயர் அதிர்வெண் காற்றில் சீக்கிரம் களைத்துப்போகிறது என்று பலரும் சொல்வார்கள். இந்த பேண்டுகளில் காற்று ஏறக்குறைய எதையும் தின்பதில்லை. வித்தியாசம் ஆன்டெனாவில் இருக்கிறது. 800-ன் அலைநீளம் 37 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், 2600-க்கு 11 அரை. ஒரே வகை ஆன்டெனாவை இரண்டு அலைநீளத்துக்கும் ஏற்றபடி செய்தால், 2600-க்கானது பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். அதனால் அது பிடிக்கும் ஆற்றல் பத்தில் ஒரு பங்குதான். டெசிபெல் கணக்கில் 10 குறைவு. இந்த 10-ஐ மீட்க வழி உண்டு. 2600-க்குப் பெரிய திசை ஆன்டெனாவை வைத்துக் கோபுரத்தைப் பார்க்கத் திருப்பினால் இழந்தது பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். இதைச் சொல்லாமல் 800-ஐ மட்டும் புகழ்ந்தால் அது நியாயமில்லை.

திரும்பி வராதது மலையிடம் போனது. விளிம்பைத் தாண்டும் அலை கொஞ்சம் வளைந்து நிழலுக்குள் இறங்கும், நீண்ட அலை கூடுதலாக இறங்கும். கூரிய விளிம்புக்கான வழக்கமான சூத்திரத்தில் என் எண்களைப் போட்டால், மலைமுதுகு 800-லிருந்து சுமார் 17 டெசிபெல்லைப் பறிக்கிறது, 2600-லிருந்து 22. உண்மையான மலைமுதுகு கத்தி விளிம்பு மாதிரி இருக்காது, உருண்டையாக, மரம் மூடி இருக்கும், அதனால் நிஜ இழப்பு இதைவிடக் கூடும். இதோடு இலைகளையும் சேர்க்க வேண்டும். அடர்ந்த மரக்கூட்டத்துக்கான பழைய தோராயச் சூத்திரம் ஒன்று 30 மீட்டருக்கு 800-ல் 9, 2600-ல் 13 டெசிபெல் என்கிறது. குளிர்நாட்டு மரங்களை வைத்துச் செய்த சூத்திரம் அது, எங்கள் மூங்கிலுக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

கூட்டிப் பாருங்கள். ஆன்டெனாவில் 10, மலையில் 5, மரத்தில் 4, ஆக 19 டெசிபெல் வித்தியாசம். பெருக்கலில் சொன்னால் ஏறக்குறைய 80 மடங்கு. ரூட்டரில் சிக்னலின் பலத்தைக் காட்டும் RSRP என்ற வரியும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது: B20-ல் -97 அளவில், B7-ல் -116 அளவில். -115-க்குக் கீழே போனால் இணைப்பு இருந்தும் இல்லாத கதை. இறங்குதிசை எப்படியோ சமாளித்துக்கொள்ளும். மேலே அனுப்பத்தான் திணறும், ஏனென்றால் கைப்பேசியோ ரூட்டரோ வெளியிடும் சக்தி அதிகபட்சம் 200 மில்லிவாட் அளவுதான். வீடியோ ஓடுகிறது, ஆனால் நம் குரல் எதிர்முனைக்குக் கேட்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பெரிய ஆன்டெனா வாங்கி B7-லேயே இருந்தால் என்ன என்று தம்பி கேட்டான். 10 திரும்பும், மீதி 9 திரும்பாது. மரத்துக்கு மேலே எழும்ப நீண்ட கம்பம் நடலாம். ஆனால் இங்கே கம்பம் நடுகிறவர் புயலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரி கடைசியில் காரன்ஸ். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் கூரை ஏறி இறக்கி, பிறகு திசை பார்த்து மறுபடி நிறுத்த வேண்டும். கூர்மையான திசை ஆன்டெனா சில டிகிரி விலகினாலும் சிக்னல் இறங்கிவிடும். மரமும் சும்மா இருக்காது, ஆண்டுக்கு ஆண்டு தழைக்கும். 800-க்கு இந்த ஊழியம் எதுவும் தேவைப்படவில்லை. ரூட்டர் ஜன்னலோரம் கிடக்கிறது. நான் முடிவெடுத்தது முக்கியமாக இதற்காகத்தான்.

இனி மழை. "மழை வந்தா நெட்டு போயிடுதே தம்பி, 800 போட்டா நிக்குமா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். நிற்காதுக்கா, ஏனென்றால் மழைத்துளி பிடிப்பது இந்த இரண்டு பேண்டையும் அல்ல. ரெயூனியனின் ஃபோக் ஃபோக்கில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் கொட்டியது உலகச் சாதனை. சராசரி மணிக்கு 76 மில்லிமீட்டர். அந்த மழை 6 கிலோமீட்டருக்கும் பெய்தாலும் 2600-லிருந்து போவது 0.1 டெசிபெல் சொச்சம்தான். துளியின் அளவு அலைநீளத்தோடு ஒப்பிட மிகச் சிறியது, அதனால் அலை அதைக் கண்டுகொள்வதில்லை.

மழையில் வலை போவதற்கு வேறு இரண்டு வழிகள் உண்டு. நனைந்த இலை காய்ந்த இலையைவிடக் கூடுதலாக உறிஞ்சும், அதிலும் 2600 அதிகம் அடிபடும். மற்றது, கேபிள் போகாத மலைக் கோபுரங்கள் தட்டு ஆன்டெனா வழியாக அடுத்த கோபுரத்தோடு பேசுவது. அந்த இணைப்பு 23,000 மெகாஹெர்ட்ஸ் மாதிரி உயரத்தில் ஓடினால், அதே 76 மில்லிமீட்டர் மழை கிலோமீட்டருக்குப் பத்து டெசிபெல்லைத் தின்றுவிடும். எது நடக்கிறது என்று RSRP-யே காட்டிக்கொடுக்கும். மழையில் அந்த எண் சில டெசிபெல் இறங்கினால் இலை. எண் அசையாமல் வேகம் மட்டும் விழுந்தால் கோபுரத்துக்குப் பின்னால் உள்ள இணைப்பு, அல்லது ஊரே வீட்டுக்குள் உட்கார்ந்து படம் பார்க்கிற நெரிசல். கோபுரமே திரையிலிருந்து காணாமல் போனால் அங்கே மின்சாரம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். கடைசி இரண்டுக்கும் பேண்டை மாற்றுவதால் பயனில்லை.

800-க்கும் குறை உண்டு. எட்டுகிற தூரம் அதிகம் என்பதால் ஒரே கோபுரத்தில் கூட்டமும் அதிகம். இரவு எட்டு மணிக்கு மேல் வேகம் படுத்துவிடுகிறது, பெரிய கோப்பு எதையாவது இறக்க வேண்டுமென்றால் விடியற்காலைதான். 5ஜிக்கான 3500-ஐ வீட்டில் வைத்துப் பார்த்ததில்லை. மேலே போட்ட கணக்கை அதற்கு நீட்டினால் 2600-ஐவிடவும் மோசமாகத்தான் வருகிறது.

வாங்குமுன் cartoradio.fr போய், உங்கள் கம்பெனிக்கு அருகில் எந்தக் கோபுரம், அதில் எந்தெந்த பேண்ட் என்று பாருங்கள். பிறகு அந்தத் திசையில் வாசலில் நின்று பாருங்கள். குறுக்கே மலையோ தோப்போ இல்லையென்றால் B7. இருந்தால் B20, ராத்திரி வேகத்தைச் சகித்துக்கொண்டு.