வாடகை ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கம் எங்கே?

போன வாரம் இரவு ஒன்பது மணிக்கு மேல் என் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள் அனுப்பினான். பண்டாரவளையில் வேலை கிடைத்து, முதல் முறையாக வாடகைக்கு வீடு எடுக்கிறான். "மாமா, நாளைக்குக் கையெழுத்துப் போடணும். ஒருக்கா பார்த்துச் சொல்லுங்க" என்று குரல் பதிவும் போட்டிருந்தான். ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலம். முற்பணம் 90,000 ரூபாய். அந்தப் பணத்துக்காக அக்கா தன் சங்கிலியை அடகு வைத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது என் கை நடுங்கியது. நான்கு வருடங்களுக்கு முன் ஹட்டனில் நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட அதே மாதிரியான ஒப்பந்தம். அப்போது 108,000 ரூபாய் முற்பணம் கொடுத்தேன், திரும்பி வந்தது 17,400. அந்த அனுபவத்தை வைத்துத்தான் அன்றிரவு அவனுக்கு ஒவ்வொரு நிபந்தனையாகச் சொன்னேன். தோட்டத்திலிருந்து டவுனுக்கு வரும் மற்றப் பிள்ளைகளுக்கும் தேவைப்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் பார்த்தது பக்க எண்களைத்தான். முதலாவது, இரண்டாவது, அப்புறம் நேராக நான்காவது. நிபந்தனைகளும் 7 இலிருந்து 12 க்குத் தாவியிருந்தன. நடுவில் நான்கு நிபந்தனைகள் காணோம். தரகர் அனுப்பியதே இவ்வளவுதானாம். இரண்டாம் பக்கப் படத்தில் கடைசி வரியின் மேல் யாருடைய பெருவிரலோ இருந்தது. "தாளின் நாலு மூலையும் தெரிகிற மாதிரி எல்லாப் பக்கமும் வேணும், அதுவரைக்கும் ஒரு சதமும் கொடுக்காதே" என்றேன். சரி, இருப்பதைப் படிப்போம் என்று தொடங்கினோம்.

ஆங்கில ஒப்பந்தத்தில் 'லெஸ்ஸர்' என்றால் வீட்டுக்காரர், 'லெஸ்ஸி' என்றால் நாம். இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் முழு ஒப்பந்தமும் தலைகீழாகிவிடும். அதனால் ஒவ்வொரு வரியிலும் 'லெஸ்ஸி' வரும் இடத்தில் உன் பெயரைப் போட்டு வாசி என்றேன். அவன் அப்படி வாசித்ததும் பாதி தானாகவே விளங்கிவிட்டது.

இரண்டாவது நிபந்தனை காலம்: ஒரு வருடம். இங்கேதான் நான் ஹட்டனில் முதல் தவறு செய்தேன். என் ஒப்பந்தமும் ஒரு வருடத்துக்குத்தான். வீட்டுக்காரர் தன் வரவேற்பறையிலேயே அதை நீட்டினார், சாட்சியாகக் கையெழுத்துப் போட்ட இருவரும் அவருடைய உறவினர்கள், நொத்தாரிசு யாரும் இல்லை. நம் நாட்டில் 1840 ஆம் ஆண்டிலிருந்து மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்தாக வேண்டும் என்று அது சொல்கிறது. இல்லாவிட்டால் அந்தத் தாள் ஒரு வருடக் குத்தகையாக நிற்காது. வாடகை கொடுத்துக்கொண்டு இருப்பவரை மாதாந்த வாடகைக்காரராகத்தான் பார்ப்பார்கள். இதை ஒரு சட்டத்தரணி எனக்குச் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. எங்கள் ஆட்களில் பலர் சாட்சி இரண்டு பேர் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது.

மூன்றாவது நிபந்தனையில் முற்பணம். அதில் 'அட்வான்ஸ்' என்ற ஒரே சொல்தான் இருந்தது. நாம் எல்லாவற்றையும் அட்வான்ஸ் என்றுதான் சொல்கிறோம், ஆனால் உள்ளே இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று, மாதாமாதம் வாடகையில் கழிபடும் முன்வாடகை. மற்றது, வீட்டை விட்டுப் போகும்போது திருப்பித் தரப்படும் வைப்பு. அவனுடைய வாடகை 15,000, முற்பணம் ஆறு மாதத்துக்குரிய 90,000. இது கழிபடுமா, திரும்பி வருமா? திரும்பி வரும் என்றால் எத்தனை நாளுக்குள்? தாளில் எதுவும் இல்லை. "முற்பணம் 90,000 ரூபாயும் திருப்பித் தரப்படும் வைப்பு, சாவி ஒப்படைத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் கொடுக்கப்படும்" என்று ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல் என்றேன். பணம் கொடுக்கும்போது அதே சொற்களோடு கையெழுத்திட்ட பற்றுச்சீட்டும் வேண்டும்.

கரண்ட் பில் நிபந்தனை சின்னதாக இருந்தது: மேல் வீடும் கீழ் வீடும் ஒரே மீட்டர், பில்லில் பாதி பாதி. பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் பாவிக்கும் அலகு கூடக்கூட அலகுக்கான விலையும் கூடுகிறது. இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் சேர்ந்தால் இரண்டு பேரும் விலை கூடிய படிக்குப் போய்விடுவார்கள். தனியாக இருக்கும் பையன் மாதம் 50 அலகு பாவித்து, மேலே இருக்கும் குடும்பம் 130 பாவித்தால், இவன் 90 அலகுக்குக் கட்டுவான், அதுவும் மேல்படி விலையில். உப மீட்டர் பொருத்தச் சொல்லிக் கேட்கலாம். குறைந்தது அலகு வாரியாகப் பிரிக்கும்படி எழுதலாம்.

ஏழாவது நிபந்தனை முன்னறிவித்தல். வீட்டை விட்டுப் போவதென்றால் லெஸ்ஸி இரண்டு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். 'எழுத்தில்' என்ற அந்தச் சொல்தான் என் 36,000 ரூபாயைத் தின்றது. ஹட்டனில் நான் இரண்டு மாதத்துக்கு முன்பே போனில் சொன்னேன். வீட்டுக்காரரும் "சரி தம்பி, பிரச்சினை இல்ல" என்றார். கடைசி நாளில் கடிதம் எங்கே என்று கேட்டார். கடிதம் இல்லை, அதனால் அறிவிக்கவே இல்லையாம். மாதம் 18,000 வீதம் இரண்டு மாத வாடகையைக் கழித்துவிட்டார். மருமகனுக்கு நான் சொன்னது: கடிதம் எழுது, இரண்டு பிரதி எடு, உன் பிரதியில் அவரிடம் திகதியோடு கையெழுத்து வாங்கு. வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தச் சீட்டைப் பத்திரமாக வை.

நான்காம் பக்கத்தில் கையெழுத்துக்கான இடமும், 'இணைப்பு' என்ற தலைப்பின் கீழ் வெறும் கோடுகளும் இருந்தன. வீட்டில் உள்ள பொருட்களின் பட்டியல் அங்கே வர வேண்டுமாம். வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போட்டால் பிறகு அங்கே கீசரும் எழுதலாம், கட்டிலும் எழுதலாம். நிரப்பாத கோடுகளைக் குறுக்கே வெட்டி, பக்கத்தில் இருவரும் சுருக்கொப்பம் இட வேண்டும்.

மறுநாள் காலை மூன்றாம் பக்கம் வந்தது. அவன் இரண்டு தடவை கேட்ட பிறகு தரகர் அனுப்பியிருந்தார். நான் பயந்தது ஒன்பதாவது நிபந்தனையில் இருந்தது: வீட்டைப் பெற்றுக்கொண்ட அதே நிலையில் திரும்ப ஒப்படைக்க வேண்டும், வர்ணம் பூசும் செலவு முழுவதும் முற்பணத்தில் கழிக்கப்படும்.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மலைநாட்டில் இந்த நிபந்தனைதான் ஆளைக் கொல்கிறது. ஹட்டன் பக்கம் மே மாதம் மழை பிடித்தால் செப்டெம்பர் வரைக்கும் சுவர் காய்வதில்லை. என் அறையின் பின்பக்கச் சுவர் மண்மேட்டை ஒட்டி இருந்தது. கூரையின் பீலி ஓட்டையாகி, தண்ணீர் அந்தச் சுவரிலேயே வடிந்தது. ஜூலையில் அலமாரியை நகர்த்தினேன், பின்னால் ஓர் ஆள் உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சணம். விரலால் தொட்டால் பெயின்ட் ஈரத் தோல் மாதிரி உரிந்து வந்தது. மூன்று தடவை சொல்லியும் பீலியைத் திருத்தவில்லை. ஆனால் போகும்போது "நீ சமைத்த ஆவியால் வந்தது" என்று சொல்லி, முழு வீட்டுக்கும் பெயின்ட் அடிக்க 45,000 ரூபாய் கழித்தார். நான் வரும்போது சுவர் எப்படி இருந்தது என்பதற்கு என்னிடம் ஒரு படம்கூட இல்லை. மின்கட்டணப் பாக்கி என்று இன்னொரு 9,600. மிச்சம்தான் அந்த 17,400.

ஓதம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். சுவரின் அடியிலிருந்து மேலே ஏறினாலோ, கூரையிலிருந்து கோடாக வடிந்திருந்தாலோ அது கட்டடத்தின் குறை. ஜன்னல் ஓரத்திலும் மூலைகளிலும் புள்ளிபுள்ளியாக இருந்தால், காற்றோட்டம் இல்லாமல் அறைக்குள் நின்ற ஈரமாக இருக்கலாம். அவனை வீட்டுக்குப் போய் ஒவ்வொரு சுவரையும், அலமாரிகளுக்குப் பின்னாலும், கூரை விளிம்பையும் பீலியையும் பகலில் படம் எடுத்து, அதே நாளில் வீட்டுக்காரருக்கும் அனுப்பச் சொன்னேன். நிபந்தனையில் சேர்க்கச் சொன்னது இதுதான்: "சாதாரண பாவனைத் தேய்வும், கூரை, பீலி, சுவர் ஆகியவற்றின் குறையால் வரும் ஓதமும் லெஸ்ஸியின் பொறுப்பல்ல." ஆங்கிலத்தில் இதன் முதல் பாதியை 'பெயார் வெயார் அண்ட் டெயார்' என்பார்கள். அந்தச் சொல் உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

நான் செய்த இன்னொரு தவறையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த 17,400 ஐ வாங்கும்போது, முற்பணம் முழுவதையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பஸ்சுக்கு நேரமாகிறது என்ற அவசரம். பிறகு மத்தியஸ்த சபைக்குப் போனேன். அங்கே சட்டத்தரணி தேவையில்லை, நாமே பேசலாம். வீட்டுக்காரர் வந்தார், அந்தத் தாளை மேசையில் வைத்தார். சபை இரு தரப்பையும் இணங்க வைக்கத்தான் முயலும், தீர்ப்புச் சொல்லிப் பணம் வாங்கித் தராது. அவர் இணங்கவில்லை. இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் கிடைத்தது. அதை வைத்து வழக்குப் போட எனக்கு அன்று பணமும் இல்லை, லீவும் இல்லை. குறைத்துக் கொடுத்த பணத்தை வாங்கும் நிலை வந்தால், "90,000 இல் இவ்வளவு மட்டும் பெற்றேன், மீதியைக் கோருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

பண்டாரவளை வீட்டுக்காரர் முற்பண வாக்கியத்துக்கு உடனே சம்மதித்தார். ஓதம் பற்றிய வரிக்கு ஒரு நாள் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். உப மீட்டர் முடியாது என்றார், அலகைக் குறித்துப் பிரிக்கலாம் என்றார். முன்னறிவித்தல் இரண்டு மாதமாகவே இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை நொத்தாரிசிடம் போகிறார்கள், சாட்சிகளில் ஒருவனாக நானும் போகிறேன். நேற்று அவன் அனுப்பிய சுவர்ப் படங்கள் நாற்பத்தொன்று. அதில் குளியலறை ஜன்னலுக்குக் கீழே ஏற்கனவே ஒரு கறுப்புத் திட்டு இருக்கிறது, பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்துப் படம் எடுத்திருக்கிறான்.