ஆத்தங்குடி டைல்ஸும் பிளெண்டரும்: மூன்று வருட அனுபவம்

மூன்று வருடமாக வீடுகளுக்கு பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் படம் போட்டுக் கொடுக்கிறேன். என்னிடம் அதிகம் கேட்பது ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த வராந்தாதான். பூவும் நிறமும் சுலபமாக வந்துவிடும். என்னை மாட்டிவிட்டது டைல்ஸுக்கு நடுவே ஓடும் மெல்லிய கோடு.

முதல் வேலை காரைக்குடிப் பக்கம். 18 அடிக்கு 8 அடி வராந்தா, 8 அங்குல டைல்ஸ். நீளத்துக்கு 27 கச்சிதம் என்று படத்தில் காட்டிவிட்டேன். பதிக்கிற அண்ணன் போன் செய்தார்: "தம்பி, கடைசி வரிசை உள்ள போகல. ஒன்றரை அங்குலம் அறுக்கணும்." ஆத்தங்குடி கல்லை ஒட்டித்தான் பதிப்பார்கள். ஆனாலும் கையால் வார்த்தது, ஓரம் நூல் பிடித்ததுபோல் இருக்காது. அங்கே கல்லுக்குக் கல் சராசரியாக ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தது. 26 இடைவெளிக்கு 39 மி.மீ. நான் போட்ட கணக்கில் அது பூஜ்யம்.

இப்போது கோட்டையும் சேர்த்தே அளக்கிறேன். நான்கு டைல்ஸ் சேர்ந்தால்தான் ஒரு பூ முழுமையாகும் என்பதால், படக்கோப்பில் நான்கையும் வைக்கிறேன். நடுவில் முழுக் கோடு, நான்கு ஓரத்திலும் பாதிக் கோடு. அப்போதுதான் அடுத்த படத்தோடு சேரும்போது கோடு தடிக்காது. ஒரு பக்கம் 409.4 மி.மீ. ஆகிறது. ஆப்ஜெக்ட் கோஆர்டினேட் வைத்து, `Mapping` நோடில் இப்படி:

```
Scale X, Y = 1 / 0.4094 = 2.443
```

அதற்கு முன் `Ctrl+A` அழுத்தி `Scale` கொடுக்க மறந்தால் பூ ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். பூ நீளவட்டமாகத் தெரிந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

27 ஒற்றைப்படை என்பதையும் அந்த வீட்டில்தான் கவனித்தேன். இரு முனையிலும் ஒரு வரிசை பார்டர் போக 25 மிச்சம். 12 பூ போக ஒரு வரிசை தனித்து நிற்கிறது, அங்கே பாதிப் பூ வந்து விழும். கிரில் பக்கம் ஒரு வரிசை வெறும் சிவப்புக் கல் வைத்துச் சரிசெய்தோம். அறுத்ததும் அந்த வரிசையில்தான், அதனால் வெட்டு கண்ணில் படவில்லை.

கோட்டைக் கறுப்பாகவோ பள்ளமாகவோ வைத்தால் நடைபாதைக் கல் மாதிரி ஆகிவிடுகிறது. டைல்ஸ் நிறத்துக்குக் கொஞ்சம் மங்கலாக, ஏறத்தாழ சமதளமாக வைத்தால் போதும். கண்ணாடி மேல் வார்ப்பதால் இயல்பாகவே மினுக்கு உண்டு, ஆனால் முகம் பார்க்கிற அளவுக்கு இல்லை. `Roughness` 0.35 பக்கம் எனக்குச் சரியாக வருகிறது.

இன்னும் தொல்லை தருவது தூரத்து முனை. ஒன்றரை மி.மீ. கோடு அங்கே ஒரு பிக்சலைவிடச் சிறியது. கோடு விட்டு விட்டுத் தெரியும், இல்லையென்றால் படத்தின் புள்ளிகளை நீக்கும் டீநாய்ஸ் அதையும் அழித்துவிடும். இரண்டு மடங்கு அளவில் ரெண்டர் செய்து சுருக்குகிறேன். நேரம் சுமார் நான்கு மடங்கு ஆகிறது, என் பழைய கம்ப்யூட்டரில் இரவு முழுக்க ஓடும்.