திரும்பி வந்த காசோலையும் கையை விட்டுப்போன முப்பது நாளும்: தோப்புக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. இங்குள்ள பலரையும் போல நாங்களும் வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், காயை விற்பதும் பெரும்பாலும் எல்லைக்கு அந்தப் புறம் பொள்ளாச்சிப் பக்கத்து வியாபாரிகளிடம்தான். அப்படி ஒரு வியாபாரிக்கு 2024 தொடக்கத்தில் மூன்று லோடு தேங்காய் கொடுத்து, 1,84,000 ரூபாய்க்குக் காசோலை வாங்கி, அந்தத் தொகையில் பெரும்பகுதியை இன்று வரை பெற முடியாமல் இருக்கிறேன். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் என்னை எந்த வழியில் நிறுத்தி வைத்தார் என்பதைத் தேதிவாரியாக எழுதுகிறேன், ஏனென்றால் அதே வழியில் இங்கே இன்னும் சிலர் நிற்பதை நான் பார்க்கிறேன்.

காசோலையில் போட்டிருந்த தேதி மார்ச் 5. அன்றே கொழிஞ்சாம்பாறையில் என் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையில் செலுத்தினேன். இப்போது காசோலைத் தாள் ஊர் விட்டு ஊர் போவதில்லை. அதன் படம் மட்டுமே எதிர்வங்கிக்குப் போகிறது, அங்கே பணம் இல்லையென்றால் காரணத்தோடு திரும்பி விடுகிறது. மார்ச் 7ஆம் தேதி கிளையில் இருந்து காசோலையையும் ரிட்டர்ன் மெமோவையும் வாங்கினேன். கணக்கில் போதிய பணம் இல்லை என்பதுதான் காரணம். என் கணக்கில் திரும்பிய காசோலைக் கட்டணமாக 150 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 27 ரூபாயுமாக 177 ரூபாய் பிடித்திருந்தார்கள். தவறு செய்தவர் அவர், கட்டணம் எனக்கா என்று கேட்டேன். வசூலுக்குக் கொடுத்தவரிடம் ஒரு கட்டணமும், காசோலை எழுதியவரிடம் அதைவிடப் பெரிய கட்டணமும் அவரவர் வங்கி தனித்தனியே பிடிக்கும் என்றும், எவ்வளவு என்பது வங்கிக்கு வங்கி மாறும் என்றும் கிளையில் சொன்னார்கள்.

எழுதியவர் தரும் கட்டணம் எவ்வளவு என்பது அடுத்த வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. 1,84,000 வந்துவிடும் என்று நம்பி வேலந்தாவளத்தில் ஓர் உரக்கடைக்கு நான் 32,000 ரூபாய்க்குக் காசோலை எழுதிக் கொடுத்திருந்தேன். அதுவும் திரும்பியது. என் கணக்கில் 500 ரூபாயும் ஜிஎஸ்டி 90 ரூபாயும் சேர்த்து 590 போனது. கடைக்காரர் தொலைபேசியில் சொன்ன அன்றே என் மைத்துனரிடம் கைமாற்று வாங்கி, அந்தக் காசோலையின் எண்ணைக் குறிப்பிட்டு வங்கி வழியாகவே 32,000 ரூபாயையும் அவருக்கு ஏற்பட்ட கட்டணத்தையும் அனுப்பிவிட்டு, நேரில் போய்க் காசோலையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பாக்கி இல்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன். பணத்தைக் கொடுத்துவிட்டுக் காசோலையை அவரிடமே விட்டு வருவது ஆபத்து. அது தேதியில் இருந்து மூன்று மாதம் வரை செல்லும், மறுபடி செலுத்தப்படலாம். 2025 அக்டோபர் 4 முதல் காலையில் செலுத்திய காசோலை தேறுமா திரும்புமா என்பது அன்று மாலைக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே இன்று எழுதிக் கொடுத்துவிட்டு நாளை பணம் கட்டிக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கு இனி யாருக்கும் உதவாது.

உரக்கடைக்காரர் விஷயத்தில் இவ்வளவு சரியாக நடந்துகொண்ட நான், எனக்கு வரவேண்டிய பணத்தில் ஏமாந்தேன். வியாபாரியிடம் பேசியபோது, “அண்ணா, ஒரு பார்ட்டிகிட்ட இருந்து பணம் வரணும், பத்து நாள் பொறுங்கண்ணா, நோட்டீஸ் கீட்டீஸ்னு போயிடாதீங்க” என்றார். ஆறேழு வருடப் பழக்கம், பொறுத்தேன். பத்து நாள் கழித்து இன்னும் பத்து நாள் என்றார். பங்குனி முடியட்டும் என்றார். ஏப்ரல் 10ஆம் தேதி, நான் கேட்காமலேயே, என் கணக்கில் 40,000 ரூபாய் போட்டார். “மீதிக்குப் புதுச் செக் எதுக்குண்ணா, அதே செக்கை மே 20ஆம் தேதி போடுங்க, பாஸாயிடும்” என்றார். நல்ல மனிதர், தவணையாகவாவது தருகிறார் என்று நினைத்தேன்.

மே 20ஆம் தேதி போட்டேன். அதே காரணத்தோடு திரும்பியது, இன்னொரு 177 ரூபாயும் போனது. அதன் பிறகுதான் சித்தூரில், ஆந்திரத்துச் சித்தூர் அல்ல, எங்கள் தாலுகாத் தலைநகரான சித்தூரில், ஒரு வக்கீல் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். இரண்டு மெமோக்களையும் வங்கிப் பாஸ்புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இந்த நாற்பதாயிரத்தை வாங்கிக்கிட்டு அதே காசோலையை ஏன் முழுத் தொகைக்குப் போட்டீங்க?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

அவர் விளக்கியதை என் சொற்களில் எழுதுகிறேன். காசோலை திரும்புவது குற்றமாவது 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆவது பிரிவின்படி; ஆனால் திரும்பியவுடனே அது குற்றமாகிவிடுவதில்லை. காசோலை திரும்பிய தகவல் வங்கியிடம் இருந்து கிடைத்த நாளில் இருந்து முப்பது நாட்களுக்குள், அந்தக் காசோலைத் தொகையைக் கேட்டு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கையில் கிடைத்த பின் பதினைந்து நாட்களுக்குள் எழுதியவர் பணத்தைத் தராவிட்டால்தான் குற்றம் முழுமையாகிறது. அதில் இருந்து ஒரு மாதத்திற்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். தண்டனை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

என் வழக்கில் இதைப் பொருத்திப் பாருங்கள். மெமோ கிடைத்தது மார்ச் 7. அந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் முப்பதாவது நாள் ஏப்ரல் 6. நான் மார்ச் 15ஆம் தேதி பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி அது 18ஆம் தேதி அவருக்குக் கிடைத்திருந்தால், ஏப்ரல் 2 வரை அவருக்கு அவகாசம், அதன் பிறகு ஒரு மாதம் எனக்கு அவகாசம். அவர் 40,000 போட்டது ஏப்ரல் 10, அதாவது என் முப்பது நாள் முடிந்து நான்காம் நாள். இது தற்செயல் என்று நான் இப்போது நம்பவில்லை. புகார் கொடுக்கத் தாமதமானால் தக்க காரணம் காட்டி நீதிமன்றத்தின் மன்னிப்பைக் கேட்கலாம். நோட்டீஸ் அனுப்பத் தாமதமானால் அப்படிக் கேட்கச் சட்டத்தில் இடமே இல்லை.

முதல் முறை திரும்பியதை விட்டாலும் இரண்டாம் முறை திரும்பியதை வைத்துத் தொடரலாமே என்று கேட்டேன். தொடரலாம், காசோலை செல்லும் காலத்திற்குள் எத்தனை முறையும் போடலாம், கடைசியாகத் திரும்பியதை வைத்தும் நோட்டீஸ் அனுப்பலாம் என்று 2012ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம். ஆனால் என் வழியை அடைத்தது அந்த நாற்பதாயிரம்தான். மே 20ஆம் தேதி எனக்கு வரவேண்டிய கடன் 1,44,000; நான் போட்ட காசோலையோ 1,84,000. இடையில் ஒரு பகுதி கொடுக்கப்பட்டிருந்தால் அதைக் காசோலையிலேயே குறித்து, மீதிக்கு மட்டும் செலுத்த வேண்டும். அப்படிக் குறிக்காமல் முழுத் தொகைக்குப் போட்டுத் திரும்பினால் 138ஆவது பிரிவின் குற்றமாகாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நோட்டீஸிலும் இதே முடிச்சு. 1,84,000 கேட்டால் இல்லாத கடனைக் கேட்டதாகும், 1,44,000 கேட்டால் காசோலைத் தொகையோடு பொருந்தாது. நோட்டீஸில் கேட்கும் தொகை காசோலைத் தொகையாகவே இருக்க வேண்டும், தட்டச்சுப் பிழை என்று சொன்னாலும் தப்ப முடியாது என்று 2025ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதியாகச் சொல்லியிருக்கிறது.

காசோலையிலேயே குறிப்பு எழுதுவது சட்டத்தில் சரி. ஆனால் தேதியைத் தவிர வேறு எந்தத் திருத்தமும் உள்ள காசோலையை இன்றைய படமுறைத் தீர்வில் வங்கிகள் ஏற்பதில்லை என்பதால், கவுன்டரில் எதைத் திருத்தம் என்பார்கள், எதைக் குறிப்பு என்பார்கள் என்று வாதாடிக்கொண்டிருக்க நேரிடும். ஒரு பகுதிப் பணம் வாங்கும்போதே பழைய காசோலையைக் கொடுத்துவிட்டு மீதிக்குப் புதுக் காசோலை வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் வக்கீல் அம்மா சொன்ன வழி. பணம் தருபவருக்கும் அதுவே பாதுகாப்பு. புதுக் காசோலை தர மறுத்தால் அந்தப் பகுதிப் பணத்தின் நோக்கம் என்ன என்று அப்போதே யோசியுங்கள்.

எல்லை தாண்டிய வியாபாரம் என்பதால் எனக்கு இன்னொரு பயமும் இருந்தது: வழக்குக்காகப் பொள்ளாச்சி நீதிமன்றத்திற்கு அலைய வேண்டுமோ என்று. தேவையில்லை. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, கணக்கில் செலுத்தி வசூலுக்குப் போன காசோலைக்கு, பணம் பெற வேண்டியவரின் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த எல்லைக்குரிய நீதிமன்றத்திலேயே புகார் கொடுக்கலாம். என் கணக்கு கொழிஞ்சாம்பாறை, ஆகவே சித்தூர் நீதிமன்றம் போதும். அந்தப் பக்கத்து வியாபாரிகள் சிலர், “கேஸ் போட்டா எங்க ஊருக்குத்தான் வரணும்” என்று மிரட்டுவதுண்டு; அதற்கு மசிய வேண்டாம். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால் தப்பலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தால் அது சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்பது கேரளத்தில் இருந்து போன ஒரு வழக்கிலேயே 2007ஆம் ஆண்டு முடிவான விஷயம். பணம் கொடுக்க வேண்டியவர் நோட்டீஸை வாங்கி, கிடைத்த தேதியைக் குறித்துக்கொண்டு, பதினைந்து நாளுக்குள் முழுத் தொகையையும் வங்கி வழியாகக் கொடுத்துவிட்டால் குற்றமே எழாது. பாதி கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. வழக்கு தொடங்கிய பிறகும் இரு தரப்பும் சமரசம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் தள்ளிப்போடப் போடச் செலவு கூடும்.

எனக்கு மிஞ்சியது சிவில் வழக்குதான். சரக்குப் பணம் வரவேண்டிய நாளில் இருந்து மூன்று வருடம் அதற்குக் காலம் இருந்ததால், லோடு ஏற்றிய சீட்டுகள், எடைச் சீட்டுகள், அவர் கைப்பேசியில் அனுப்பிய செய்திகள், இரண்டு மெமோக்கள், 40,000 வந்த பாஸ்புத்தகப் பக்கம் எல்லாவற்றையும் சேர்த்துச் சித்தூர் முன்சீப் நீதிமன்றத்தில் 1,44,000 ரூபாயும் வட்டியும் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறோம். காசோலையைச் சும்மா ஜாமீனுக்காகக் கொடுத்தேன் என்று அவர் பதில் மனு போட்டிருக்கிறார். அடுத்த வாய்தாவில் லோடு ஏற்றிய டிரைவர் சாட்சி சொல்ல வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.