1.55 என்று பெருக்கும் முன்: சேலத்துக் கணக்கர் ஒருவரின் ஒரு நாள் செலவு

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுக் கடையின் கணக்கரை எடுத்துக்கொள்வோம். வயது 42, எடை 72 கிலோ, உயரம் 168 செ.மீ. காலையில் காந்தி ஸ்டேடியத்தில் ஒரு மணி நேரம் நடக்கிறார். பகல் முழுவதும் நாற்காலியில் இருக்கிறார். 1990-இல் வெளியான மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரப்படி இவருடைய ஓய்வுநிலைச் செலவு, அதாவது நாள் முழுவதும் சும்மா படுத்திருந்தாலே உடல் எரிப்பது, இது:

10×72 + 6.25×168 − 5×42 + 5 = 1565 கலோரி

நாளின் மொத்தச் செலவு கிடைக்க இந்த எண்ணை எதனால் பெருக்குவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

பலரும் எடுக்கும் வழி ஆயத்தப் பட்டியல். உட்கார்ந்தே இருப்பவருக்கு 1.2, லேசான உடற்பயிற்சிக்கு 1.375, மிதமானதற்கு 1.55, கடுமையானதற்கு 1.725. நம் கணக்கர் தினமும் தவறாமல் நடப்பதால் ‘மிதம்’ என்ற வரியில்தான் கை வைப்பார். விடை 2426 கலோரி.

இரண்டாவது வழி, 24 மணி நேரத்தையும் பங்கு போடுவது. ஒவ்வொரு வேலையும் ஓய்வுநிலையைப் போல எத்தனை மடங்கு எரிக்கிறது என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 2004 அறிக்கை தருகிறது. அந்த மடங்குகளை இவர் நாளில் வைத்துப் பார்ப்போம். உறக்கம் 8 மணி, மடங்கு 1. கடை வேலை 9 மணி, 1.5. நடை 1 மணி, 3.2. குளித்து உடுத்துவது 1 மணி, 2.3. சாப்பாடு 1 மணி, 1.5. வண்டி ஓட்டுவதற்கு 1 மணி, 2 என்று வைக்கலாம். டிவியும் செல்போனும் 3 மணி, 1.4. பெருக்கிக் கூட்டினால் 34.7, அதை 24-ஆல் வகுத்தால் சுமார் 1.45. அதாவது 2263 கலோரி.

இரண்டுக்கும் இடையே 160 கலோரிக்கு மேல் வேறுபாடு. இது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஆயத்தப் பட்டியலில் ஒரு படி ஏறினால் பெருக்கெண் 0.175 கூடுகிறது, இவருக்கு அது 274 கலோரி. ஆனால் டிவி பார்க்கும் ஒரு மணி நேரத்தை நடைக்குக் கொடுத்தால் 3.2-இல் 1.4 கழித்து 24-ஆல் வகுக்கிறோம். கூடுவது வெறும் 0.075, அதாவது 117 கலோரி. தினமும் ஒரு மணி நேரம் நடந்தும் பாதிப் படிகூட ஏறவில்லை! வாரத்தில் மூன்று நாள்தான் நடக்கிறார் என்றால் 0.03.

ஞாயிறு தோறும் ஏற்காட்டு மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் ஏறுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். மடங்கை 6 என்று தாராளமாகப் போட்டாலும், ஏழு நாளுக்குப் பகிர்ந்தால் 0.055-தான் சேரும். வியர்வையும் மூச்சிரைப்பும் நினைவில் நிற்கின்றன. நாற்காலியில் கழிந்த ஒன்பது மணி நேரம் நினைவில் நிற்பதில்லை. பட்டியலின் வரிகள் உடற்பயிற்சியைக் கேட்கின்றன, பெருக்கெண்ணையோ பெரும்பாலும் தொழில்தான் தீர்மானிக்கிறது. சேர்வராயன் மலைச் சரிவில் நாள் முழுவதும் காப்பிப் பழம் பறிக்கும் பெண் ‘உடற்பயிற்சி இல்லை’ என்று 1.2-ஐத் தேர்ந்தால் அது பெரும் அநியாயம். அவருக்கு 1.8-க்குக் குறையாமல் போட வேண்டும்.

இதற்கு மேல் கைக்கடிகாரம் காட்டும் நடைக் கலோரியையும் சிலர் கூட்டிக்கொள்கிறார்கள். நடை ஏற்கெனவே பெருக்கெண்ணுக்குள் இருக்கிறது. அதோடு, கடிகாரம் காட்டும் எண்ணில் பெரும்பாலும் அந்த ஒரு மணி நேர ஓய்வுநிலைச் செலவான 65 கலோரியும் அடங்கியிருக்கும். எந்தப் பெருக்கெண் போட்டாலும் அடிப்படை எண்ணிலும் ஓர் ஐயம் உண்டு. மிஃப்லின் சூத்திரம் அமெரிக்கர்களை அளந்து எழுதப்பட்டது. அதே எடையில் தசை குறைவாக உள்ள நம்மவருக்கு அது கூடுதலாகக் காட்டக்கூடும்.

அதனால் மூன்றாவது வழியை நான் நம்புகிறேன்: சாப்பிட்டதையும் எடையையும் வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடுவது. கணக்கர் 2426-ஐ நம்பி நான்கு வாரம் நாளுக்குச் சராசரி 2400 கலோரி சாப்பிடுகிறார்; எடை 0.7 கிலோ கூடுகிறது. எடை ஒரு கிலோ கூடச் செலவுக்கு மேல் சுமார் 7700 கலோரி வேண்டும் என்றால், 28 நாளில் நாளொன்றுக்கு மிச்சம் 190-ஐ ஒட்டி. உண்மைச் செலவு ஏறத்தாழ 2210. மணிக்கணக்கின் விடைக்கு இது அருகில் நிற்கிறது, பட்டியலின் விடைக்கு அல்ல.

இந்த வழிக்குப் பொறுமை வேண்டும். ஒரு கல்யாண விருந்தின் உப்பே மறுநாள் எடையை ஒரு கிலோ தூக்கிவிடும். அதனால் தினமும் காலையில் எடை பார்த்து, முதல் வாரச் சராசரியை ஐந்தாம் வாரச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். உணவுக் குறிப்பில் தாளிப்பு எண்ணெய் விடுபடுவது இன்னொரு சிக்கல். 10 கிராம் எண்ணெய் 90 கலோரி. அப்போது கிடைக்கும் செலவும் அதே அளவு குறைவாகவே வரும். ஆனாலும் அடுத்த மாதத் திட்டத்தையும் அதே குறிப்பு முறையில், அதே எண்ணெயை விட்டு எழுதினால், இரு பக்கப் பிழையும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்.